பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பிடித்த வரி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் அடி வாங்குவது கால்குலேட்டர்தான். ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். போன செப்டம்பரில் மட்டும் இரண்டு கால்குலேட்டர் போயிற்று. ஆனால் முதல் தப்பைச் செய்தவள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் வாயாலேயே என்னை நல்லவளாக்கிக்கொண்டு போய்விடுவேன்.

நான் ஜெயசித்ரா. உழவர்கரையில் ஒரு ஐஸ் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக அக்கவுண்டன்ட். மீன் பெட்டிக்குப் போகிற ஐஸ். மேனேஜிங் டைரக்டர் ராஜாங்கம். இன்னொரு டைரக்டர் அவருடைய மனைவி செல்வாம்பாள். அந்த அம்மா ஆபீஸுக்கு வருவது வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜையன்று. மற்ற நாளெல்லாம் அவருடைய கையெழுத்து மட்டும் வரும்.

கம்பெனியை ஆரம்பித்தவர்கள் இரண்டு பேர், ராஜாங்கத்தின் அப்பாவும் க்சாவியே என்பவரின் அப்பாவும். க்சாவியே மூன்று வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனார். அவருடைய எட்டாயிரம் பங்கு இப்போது மனைவி எலிஸபெத் பேரில் இருக்கிறது. இன்னொரு எட்டாயிரம் ராஜாங்கத்தின் தங்கை மகன் பாலாஜிக்கு. மீதி நாற்பத்து நாலாயிரமும் ராஜாங்கத்தின் வீட்டுக்குள்ளேயே.

எலிஸபெத்தை ஊரில் எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால் பரம்பரையாகப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட். ஆனால் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணமாகி வந்தது எல்லாம் நெல்லித்தோப்புதான். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு. பிரான்சுக்கு ஆயுளில் இரண்டே தடவை போயிருக்கிறார், இரண்டும் சாவுக்கு. பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு டியூஷன் எடுத்துக் காலத்தை ஓட்டுகிறார். க்சாவியே வைத்துவிட்டுப் போனது பங்கு மட்டுமில்லை, கடனும்தான். வீட்டுப் பத்திரம் ஒரு கூட்டுறவு வங்கியில் அடமானத்தில் இருந்தது. செப்டம்பர் முப்பதுக்குள் மூன்றரை லட்சம் கட்டினால் மொத்தக் கணக்கையும் முடித்துப் பத்திரத்தைத் தருவதாக வங்கி எழுதிக் கொடுத்திருந்தது. தவறினால் ஏலம்.

ஜூன் மாதமே மதாம் ராஜாங்கத்திடம் வந்து கேட்டார். டிவிடெண்ட் வந்தால் கழித்துக்கொள்ளுங்கள், இப்போது கடனாகக் கொடுங்கள் என்றார். ராஜாங்கம் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "பங்கை என்கிட்ட குடுத்துடுங்க மதாம், உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி" என்று ஒரு விலை சொன்னார். அந்த விலைக்கு எட்டாயிரம் ஐஸ் கட்டிகூட வராது. மதாம் டீயைக் குடிக்காமல் எழுந்து போனார்.

கம்பெனி கடைசியாக டிவிடெண்ட் கொடுத்தது இரண்டாயிரத்துப் பதினெட்டில். அப்போது வரியைக் கம்பெனியே தனியாகக் கட்டிவிடும், பங்குதாரர் கைக்கு முழுப் பணமும் போகும். இரண்டாயிரத்து இருபதில் அது மாறிப்போனது. இப்போது வரி பங்குதாரருடையது, கொடுக்கிற கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுக்க வேண்டும். நடுவில் கொரோனா, நஷ்டம், மெஷின் ரிப்பேர். ஏழு வருஷத்துக்குப் பிறகு இந்த வருஷம்தான் பங்குக்கு ஐம்பது ரூபாய் கொடுக்கலாம் என்று போர்டு சிபாரிசு செய்தது. டிவிடெண்டில் வரி பிடிப்பது எனக்கு முதல் தடவை.

பங்குதாரர் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். அதில் பேர், விலாசம், பங்கு எண்ணிக்கை, நேஷனாலிட்டி என்று வரிசையாகக் கட்டம். எலிஸபெத்துக்கு நேராகப் பிரெஞ்சு என்று இருந்தது. வெளிநாட்டவர் என்றால் இருபது சதவீதம், அதன் மேல் செஸ் என்கிற உபரி வரி, ஆக இருபது புள்ளி எட்டு. நாலு லட்சத்தில் எண்பத்து மூவாயிரத்து இருநூறு போக மூன்று லட்சத்துப் பதினாறாயிரத்து எண்ணூறு. பாலாஜிக்கு நேராக இந்தியர் என்று இருந்தது. பத்து சதவீதம், நாற்பதாயிரம் போக மூன்று லட்சத்து அறுபதாயிரம். செஸ்ஸை மறக்காமல் போட்டேனே என்று எனக்கே ஒரு பெருமை. ராஜாங்கத்திடம் காட்டினேன். எலிஸபெத் வரியில் அவருடைய விரல் கொஞ்ச நேரம் நின்றது. "ரொம்பக் கரெக்டு" என்றார். என்னை அவர் பாராட்டினால் எங்கேயோ உதைக்கிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் ஒன்றாம் தேதி திங்கட்கிழமை, மாடி ஹாலில் வருடாந்திரப் பொதுக்கூட்டம். கீழே கம்ப்ரஸர் சத்தம். ராஜாங்கம் தலைவர். இறுதி டிவிடெண்ட் பங்குக்கு ஐம்பது ரூபாய் என்ற தீர்மானத்தை வாசித்தார். மதாம் கையைத் தூக்கினார். ஆம்பிளைகளை அவர் மிசியே என்றுதான் கூப்பிடுவார்.

"அறுபது குடுக்க முடியாதா மிசியே? லாபம் இருக்குன்னுதானே அறிக்கையில போட்டிருக்கு?"

"போர்டு சொன்னதுக்கு மேல கூட்டம் ஏத்த முடியாது மதாம். கொறைக்கணும்னா கொறைக்கலாம். கொறைச்சிடலாமா?"

அவருடைய சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சட்டப்படி அவர் சொன்னது சரிதான், சொன்ன விதம்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தீர்மானம் நிறைவேறியது. எல்லோருக்கும் அவரவர் தொகை எழுதிய சீட்டைக் கொடுத்தேன். மதாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"ஜெயா, இது என்னா? மூணு பதினாறு போட்டிருக்கே. எனக்கு மூணு அம்பது வேணுமே. பத்து பர்சென்ட் போனா மூணு அறுபது வரும்னு நான் கணக்குப் போட்டு வெச்சிருந்தேனே."

"பத்து நம்ம ஊருக்காரங்களுக்கு மதாம். நீங்க வெளிநாட்டுக்காரங்க, உங்களுக்கு இருபது புள்ளி எட்டு."

ஹாலில் எல்லோருடைய காதிலும் விழும்படி சொன்னேன். சட்டம் தெரிந்தவள் என்ற மிதப்பு. மதாம் சீட்டிலிருந்து என் முகத்துக்குப் பார்வையை மாற்றினார்.

"நானா வெளிநாட்டுக்காரி? நேத்து சாயங்காலம் ஒரே கடையில நின்னு தேங்கா வாங்கினோமே, அப்ப நான் எந்த நாட்டுல நின்னேன்?"

"ரூல்ஸ் மதாம், நான் என்னா பண்றது" என்றேன். அவர் சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். ராஜாங்கம் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேலை முடிந்தது என்பது போல.

மதாமின் தேங்காய்க் கேள்வி மதியம் வரை உறுத்தியது. ஆடிட்டர் தட்சிணாமூர்த்திக்குப் போன் போட்டுக் கணக்கைச் சொன்னேன். மனிதர் பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா, உனக்கு யாரு சொன்னது பாஸ்போர்ட்டைப் பாத்து வரி பிடிக்கச் சொல்லி? ஆளு வருஷத்துல எத்தினி நாளு இந்தியாவுல இருக்காங்கன்னு எண்ணும்மா! நூத்தி எண்பத்திரண்டு நாளு இருந்தா ரெசிடென்ட். எந்த நாட்டுப் பிரஜையா இருந்தா என்னா? அந்தம்மா முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் நெல்லித்தோப்புல இருக்கு. பேன் கார்டு இருக்கில்ல? அப்ப பத்துதான்."

"சார், நேஷனாலிட்டி கட்டத்துல..."

"அந்தக் கட்டம் கம்பெனிச் சட்டத்துக்கு. வருமான வரிக்கு அதுல என்னா வேலை? சரி, பாலாஜி எங்க இருக்கான்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாலாஜி நாலு வருஷமாக பிரான்சில் லியோன் நகரத்தில் வேலை பார்க்கிறான். தீபாவளிக்குப் பத்து நாள் வந்து போவதோடு சரி.

"அவன்தாம்மா வெளிநாட்டுக்காரன்! இந்தியப் பாஸ்போர்ட்டு வெச்சிருந்தாலும் வரிக்கு அவன் ரெசிடென்ட் இல்ல. அவனுக்குத்தான் இருபது புள்ளி எட்டு. பிரான்சு வரி ஆபீஸ்ல இருப்பிடச் சான்றிதழ் வாங்கி, மத்த ஃபாரத்தோட பணம் குடுக்கறதுக்கு முன்ன அனுப்பினா, ரெண்டு நாட்டு ஒப்பந்தப்படி பத்து பிடிக்கலாம். இல்லேன்னா முழுசாப் பிடி. கொறைச்சுப் பிடிச்சா அந்தப் பாக்கியும் வட்டியும் கம்பெனி தலையில."

போனை வைத்தேன். முதல் கால்குலேட்டர் அன்றைக்குத்தான் போயிற்று. இரண்டே வரி, இரண்டையும் தலைகீழாகப் போட்டிருக்கிறேன். இங்கேயே கிடக்கிறவளை அந்நியமாக்கி, அங்கேயே கிடக்கிறவனை உள்ளூராக்கி, அதையும் ஹால் நடுவில் நின்று சொல்லியிருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

நல்ல வேளை, பணம் இன்னும் போகவில்லை. திருத்திய கணக்கோடு ராஜாங்கத்தின் அறைக்குப் போனேன். பாலாஜிக்குச் சான்றிதழ் கேட்டு மெயிலும் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவர் காகிதத்தைத் தொடவே இல்லை.

"முன்ன போட்டதே இருக்கட்டும்."

"சார், அது தப்பு. ஆடிட்டரே சொல்லிட்டாரு."

"அதிகமாப் பிடிச்சா என்னா, அந்தம்மா ரிட்டன் போட்டுத் திரும்ப வாங்கிக்கட்டும். நாம என்னா திங்கவா போறோம்?"

"ரிட்டன் அடுத்த வருஷம் சார். அவங்களுக்கு முப்பதாம் தேதி கெடு. முப்பத்து மூவாயிரத்து இருநூறு கொறையுது. அதுக்காக வீடு ஏலத்துக்குப் போவும்."

"தெரியும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கியது. பணம் குறைந்தால் மதாம் வேறு வழியில்லாமல் பங்கை விற்க வருவார். வீட்டை மீட்க முப்பத்து மூவாயிரம், அதற்காக எட்டாயிரம் பங்கு அடிமாட்டு விலைக்கு. என் தப்பை வைத்து இந்த ஆள் ஒரு குடும்பத்தின் சொத்தை அமுக்கப் பார்க்கிறார். பன்னிரண்டு வருஷம் இவருக்கா நான் கணக்கு எழுதினேன்?

"அந்தக் கணக்குல பணம் அனுப்பற ஃபைலை நான் பேங்குல ஏத்த மாட்டேன் சார்."

"ஏத்தாத. யாருக்கும் பணம் போவாது. சட்டப்படி முப்பது நாளு டைம் இருக்கு, அக்டோபர் ஒண்ணு வரைக்கும். அவ கெடு முப்பது. ஒரு நாளு வித்தியாசம். நான் சட்டத்தை மீறல பாரு." சிரித்தார். "தீபாவளி போனஸ் வேணுமா வேணாமான்னு யோசிச்சுக்க."

சட்டத்தை அவர் என்னைவிட நன்றாகத்தான் படித்திருந்தார். டிவிடெண்டுக்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்து, கூட்டம் முடிந்த ஐந்து நாளைக்குள் முப்பது லட்சத்தையும் அதில் போட வேண்டும். அதற்கு மட்டும் மறுக்காமல் அனுமதி கொடுத்தார், போடாவிட்டால் தப்பு அவர் மேல் வரும் என்பதால். பணம் அந்தக் கணக்கில் சும்மா கிடந்தது. நான் சரியான வரியோடு ஃபைலை வங்கியின் இணையதளத்தில் ஏற்றுவேன், அவர் ஒப்புதல் கொடுக்காமல் நிராகரிப்பார். மறுநாள் மறுபடி ஏற்றுவேன், மறுபடி நிராகரிப்பார். இதில் மூன்று வாரம் போனது. பாலாஜியிடமிருந்து சான்றிதழும் வரவில்லை, பதிலும் வரவில்லை. தெருவில் மதாமைப் பார்த்தால் எதிர் சாரிக்குப் போய்விடுவேன். அவரும் என்னைக் கூப்பிடவில்லை.

இருபத்தைந்தாம் தேதி கூட்ட நடவடிக்கைக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தபோது வங்கி அனுமதிக் கடிதம் கண்ணில் பட்டது. ஃபைலை ஏற்றுவது நான். ஒப்புதல் கொடுப்பது ராஜாங்கம் அல்லது செல்வாம்பாள், இரண்டில் யாராவது ஒருவர் போதும். பத்து வருஷமாகச் செல்வாம்பாளின் போனுக்கு வருகிற ஓ.டி.பி. எண்ணையும் ராஜாங்கம்தான் கேட்டு வாங்கிக்கொள்வார். அந்த அம்மாவும் ஒப்புதல் கொடுக்கலாம் என்பது அவருக்கே மறந்துபோயிருக்கும், எனக்கும்தான் மறந்துபோயிருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ராஜாங்கம் கடலூர் போயிருந்தார். ஒரு கடிதம் டைப் அடித்து, ஆடிட்டர் எழுதிக் கொடுத்ததையும் இணைத்துக்கொண்டு நேராக ராஜாங்கத்தின் வீட்டுக்குப் போனேன். செல்வாம்பாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்னா ஜெயசித்ரா, கையெழுத்தா? எங்க போடணும் சொல்லு."

"படிச்சிட்டுப் போடுங்கம்மா" என்றேன். என் குரலே கொஞ்சம் காட்டமாக வந்தது.

படித்தார். எலிஸபெத்துக்குத் தப்பாக அதிக வரி, பாலாஜிக்குத் தப்பாகக் குறைந்த வரி, முப்பது நாளைக்குள் பணம் போகாவிட்டால் கம்பெனி பதினெட்டு சதவீத வட்டி கொடுக்க வேண்டும், தெரிந்தே அதற்கு உடந்தையாக இருக்கிற டைரக்டருக்குச் சிறைத்தண்டனைகூட உண்டு என்று வரிசையாக எழுதியிருந்தேன்.

"டைரக்டருன்னா அவருதானே?"

"நீங்களும்தாம்மா. இவ்ளோ நாளு உங்களுக்குத் தெரியாது. இப்ப படிச்சிட்டீங்க. இனிமே தெரியாதுன்னு சொல்ல முடியாது. வாங்கிக்கிட்டதா இந்தக் காப்பியில ஒரு கையெழுத்துப் போடுங்க."

அவர் கையெழுத்துப் போடவில்லை. கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"எலிஸபெத்து வூடு ஏலத்துக்குப் போவுதா? க்சாவியே அண்ணன் கட்டின வூடா?"

"ஆமாம்மா."

"எனக்குச் சொல்லவே இல்ல இந்த மனுஷன். என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டதே அவங்க வூட்டு வாசல்ல." அவருடைய முகம் சிவந்துவிட்டது. "இருவது வருஷமா காட்டின எடத்துல கையெழுத்து. எதுக்குன்னு ஒரு நாளு சொன்னாரா? ஜெயிலு மட்டும் எனக்கும் பங்கு! என்னா பண்ணணும் இப்ப?"

"ஒண்ணாந்தேதி ஆயுத பூஜை, ஆபீஸு லீவு. இன்னிக்கே முடிச்சிட்டா நல்லது. நான் இங்கேயே ஏத்தறேன். உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். அதை நீங்களே போடுங்க, யாருக்கும் சொல்லாதீங்க. எனக்கும் சொல்லாதீங்க."

மடிக்கணினியை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் திறந்தேன். ராஜாங்கம் குடும்பத்தின் தொகைகள், பத்து சதவீதம் போக. எலிஸபெத், மூன்று லட்சத்து அறுபதாயிரம். பாலாஜி, மூன்று லட்சத்துப் பதினாறாயிரத்து எண்ணூறு. செல்வாம்பாள் ஒவ்வொரு பேரையும் விரல் வைத்துப் படித்துவிட்டு, கண்ணாடி தேடி எடுத்து, எண்ணை அவரே அழுத்தினார். தப்பாக ஒரு தடவை, சரியாக ஒரு தடவை.

ஆபீஸுக்குத் திரும்பிப் பேரேட்டில் எழுதினேன். கூட்டம் நடந்த அன்றே கொடுபட வேண்டிய டிவிடெண்ட் முப்பது லட்சம் என்று வைத்திருந்தேன். இப்போது அதில் எலிஸபெத்தின் நாலு லட்சத்தைக் கழித்து, வங்கியில் மூன்று அறுபதும், கட்ட வேண்டிய வரியில் நாற்பதாயிரமுமாகப் பிரித்தேன். பணம் செலுத்திய தேதி இருபத்தாறு ஒன்பது இரண்டாயிரத்து இருபத்தைந்து. பிடித்த வரியை அக்டோபர் ஏழுக்குள் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். வெளிநாட்டவருக்கான விவர அறிக்கையில் பணம் எந்த நாட்டுக்குப் போகிறது என்று ஒரு கட்டம் உண்டு. மதாமை அதில் போட்டிருந்தால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருப்பேன்? நெல்லித்தோப்பு என்றா? நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது.

சாயங்காலமே பாலாஜி லியோனிலிருந்து கத்தினான். "என்னாக்கா இது, எனக்கு எண்பத்து மூவாயிரம் பிடிச்சிருக்கே? நான் இந்தியன் அக்கா!"

"அனுப்பச் சொன்ன சான்றிதழை அனுப்பினியா? இல்லல்ல. ரிட்டன் போட்டு வாங்கிக்கப்பா. உங்க மாமா சொன்ன வழிதான்" என்று வைத்துவிட்டேன். பொய் சொல்வானேன், சுகமாகத்தான் இருந்தது.

மறுநாள் ராஜாங்கம் வந்தார். கத்தவில்லை. என் மேஜைக்கு எதிரில் நின்று, "போனஸ் கிடையாது. மார்ச்சோட வேற எடம் பாத்துக்க" என்றார். இரண்டாவது கால்குலேட்டர் அப்போது போயிற்று, அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில்.

முப்பதாம் தேதி மதியம் மதாம் ஆபீஸுக்கு வந்தார். வெயிலில் நடந்து வந்திருக்க வேண்டும், முகமெல்லாம் வியர்வை. கையில் வங்கி திருப்பிக் கொடுத்த பத்திரம், பிளாஸ்டிக் உறைக்குள். நான் எழுந்து நின்றேன். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே இவ்வளவும் என்று எனக்குள் ஒரு நினைப்பு. டிவிடெண்ட் பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். திருத்திய சதவீதம், கொடுத்த தொகை, தேதி எல்லாவற்றையும் காட்டினேன்.

"எல்லாம் சரி பண்ணிட்டேன் மதாம். வரி பிடிச்சதுக்குச் சர்டிபிகேட்டு நவம்பர்ல தருவேன்."

அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு பதிவேட்டை மூடினார்.

"செல்வாம்பா எல்லாம் சொன்னா. உன் வேலை போச்சாமே. எனக்கு வருத்தம்தான்."

"அது பரவால்ல மதாம்."

"ஆனா ஒண்ணு கேக்கறேன் ஜெயா. உங்க பதிவேட்டுக்கு என் பாஸ்போர்ட்டு மட்டும்தான் தெரியும், சரி. ராஜாங்கம் வேணும்னே பண்ணான், சரி. நீ என்னை முப்பது வருஷமாப் பாக்கறே. உன் பொண்ணு என்கிட்டதான் ரெண்டு வருஷம் படிச்சா. நாலு பேருக்கு முன்னாடி வெளிநாட்டுக்காரின்னு சொன்னியே, அப்ப உனக்கு நாளு எண்ணத் தெரியலையா?"

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோபப்படுவதற்குக்கூட எனக்கு ஆள் கிடைக்கவில்லை. மதாம் பத்திரத்தைப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு, நெல்லித்தோப்புக்கு நடந்தே போனார்.